செக் தேதியில் டைரக்டர் யார்?

கேள்வி: "கடலூர் ஓ.டி.யில் சின்னதாக பேக்கிங் சாமான் தொழில் செய்கிறேன். புதுச்சேரி பக்கம் யூனிட் வைத்திருக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி 3,84,000 ரூபாய் பாக்கி. கொடுத்த செக்கும் திரும்பிவிட்டது. விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று போட்டிருந்தவர் இப்போது 'நான் அந்தக் கம்பெனியிலேயே இல்லை' என்கிறார். அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள், பொறுப்பான ஆபீசர்கள் யார் என்று அரசுப் பதிவேட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?"

பதில்:

அவர்கள் உங்களுக்குக் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து எழுத்தும் பான் எண். பானில் நாலாவது எழுத்துதான் ஆள் யார் என்று சொல்லும், அது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவதாக வரும். C என்றால் கம்பெனி. F என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்.எல்.பி. P என்றால் தனி ஆள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பேச்சில் எல்லாமே 'கம்பெனி'தான், கார்டு அடிக்கிறவர் எல்லாருமே டைரக்டர்தான். ஆறாவது எழுத்து P என்று இருந்தால் அங்கே டைரக்டர் என்று யாரும் கிடையாது. ஓனர் ஒருவர்தான், அவர் பெயரிலேயே நோட்டீஸ் போகும். சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால் கூட்டாளிகள் பெயர் கம்பெனிப் பதிவேட்டில் வராது, ஃபர்ம் பதிவாளரிடம் பார்க்க வேண்டும், அதுவும் அவர்கள் பதிவு செய்திருந்தால்தான். உங்களுடையது C என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்து கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என். தேடுங்கள். கம்பெனிச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி லெட்டர்ஹெட், பில் எல்லாவற்றிலும் இந்த 21 எழுத்து எண்ணையும் பதிவு அலுவலக முகவரியையும் அச்சடிக்க வேண்டும். பார்க்க `U17021PY2016PTC00XXXX` மாதிரி இருக்கும். U என்றால் பங்குச் சந்தையில் இல்லாதது. ஐந்து இலக்கம் தொழில் வகை. PY புதுச்சேரி; தமிழ்நாடு என்றால் TN. பிறகு பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட், கடைசி ஆறு இலக்கம் பதிவு எண்.

நம்ம ஊர்க்காரர்கள் இங்கே ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. யூனிட் அங்கே, ஆபீஸ் இங்கே என்று கலந்துதான் கிடக்கும். ஜி.எஸ்.டி. எண் 34-ல் தொடங்குவதால் கம்பெனியும் புதுச்சேரியில் பதிவானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் பதிவான கம்பெனியும் புதுச்சேரியில் யூனிட் போட்டால் அந்த யூனிட்டுக்கு 34-தான் வாங்கும். நோட்டீஸ் போக வேண்டியது பதிவு அலுவலகத்துக்கு. அது எந்த மாநிலத்தில் என்று சொல்வது சி.ஐ.என். அந்த அலுவலகத்தையே கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றினால், பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும் சட்டத்துக்கு அது மாநிலம் விட்டு மாநிலம், சி.ஐ.என்.னும் மாறிவிடும். பழைய ஆர்டரில் இருக்கும் எண்ணைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

எண் கிடைக்கவே இல்லையா, பெயரை வைத்துத் தேடலாம். ஆனால் ஸ்ரீ என்ற ஒரே சொல்லை Sri, Shri, Sree என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், மூன்றுமே வேறு வேறு கம்பெனியாக இருக்கும். முகவரி ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் எந்தப் பெயரையும் எடுக்காதீர்கள்.

இனி மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளமான `mca.gov.in`. மொபைல் எண், மின்னஞ்சல் கொடுத்து சாதாரணப் பயனராகப் பதிவு செய்தால் போதும். ஆடிட்டர் வேண்டாம், டிஜிட்டல் கையெழுத்து வேண்டாம். உள்ளே போய் MCA Services மெனுவில் மாஸ்டர் டேட்டாவைத் திறந்து சி.ஐ.என். போடுங்கள். இதற்குக் காசு கிடையாது. பதிவு முகவரி, மூலதனம், கடைசியாக ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதி, கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி, கம்பெனியின் நிலை எல்லாம் வரும். நிலையில் Active என்று இருக்கிறதா, Strike Off என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அதே இடத்தில் டைரக்டர்கள் பட்டியலும் இருக்கும்: டைரக்டருக்கான எட்டு இலக்க அடையாள எண்ணான டி.ஐ.என்., பெயர், பதவி, பதவி தொடங்கிய தேதி. டி.ஐ.என். என்பது ஆளுக்கு ஒன்றுதான், எத்தனை கம்பெனியில் இருந்தாலும் மாறாது. ஆகவே பெயரை விட இந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே இனிஷியலில் இரண்டு பேர் இருக்கிற குடும்பக் கம்பெனிகள் இங்கே ஏராளம்.

'பொறுப்பான ஆபீசர்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். சி.இ.ஓ., சி.எஃப்.ஓ., கம்பெனி செக்ரட்டரி என்று முக்கிய நிர்வாகிகளை வைத்தே ஆக வேண்டும் என்ற 203-ஆம் பிரிவின் கட்டாயம், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் பெரிய பப்ளிக் கம்பெனிகளுக்கும்தான். பிரைவேட் கம்பெனிக்கு, செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொட்டால் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி ஒருவர் வேண்டும், அவ்வளவே. அதனால் 10 லட்சம் மூலதனத்தில் நடக்கிற கம்பெனியின் பட்டியலில் இரண்டு, மூன்று டைரக்டர்கள் பெயர்தான் இருக்கும். உங்களிடம் சரக்கு வாங்கிய ஜெனரல் மேனேஜர், கணக்கு முடித்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர், கார்டில் சி.இ.ஓ. என்று போட்டுக்கொண்டவர், இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வர மாட்டார்கள்.

இது வரைக்கும் எல்லாரும் போவார்கள். இங்கேயே நின்றுவிடுவதில்தான் வில்லங்கம். மாஸ்டர் டேட்டா சொல்வது இன்றைக்கு யார் டைரக்டர் என்பதை. உங்களுக்கு வேண்டியது செக் கொடுத்த அன்றைக்கு யார் டைரக்டர் என்பது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குப் புரிய வைத்தது என் மச்சான் பட்ட பாடு.

நெல்லிக்குப்பத்தில் அவர் அட்டைப்பெட்டி செய்கிறார். 2022-இல் ஒரு தின்பண்டக் கம்பெனிக்குச் சரக்கு போட்டு, 14-10-2022 தேதியிட்ட செக் ஒன்று வாங்கினார். நாலு நாளில் திரும்பியது. நவம்பர் இரண்டாவது வாரம் நோட்டீஸ் அனுப்பும்போது மாஸ்டர் டேட்டாவைப் பார்த்தோம். இரண்டு டைரக்டர்கள்: மேனேஜிங் டைரக்டர், அவருடைய தம்பி. பேரம் பேசியதும் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்ததும் மேனேஜிங் டைரக்டர். இருவர் பெயரிலும் கம்பெனி பெயரிலும் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. டிசம்பர் கடைசியில் வழக்குப் போட வக்கீலிடம் போகும் முன், எதற்கும் இன்னொரு தரம் பார்ப்போம் என்று திறந்தால், "மாமா, ஆளைக் காணோம்" என்கிறார் மச்சான். மேனேஜிங் டைரக்டர் பெயர் போய், அவருடைய மனைவி பெயர் வந்திருந்தது. நவம்பரில் பார்த்த பக்கத்தை நாங்கள் சேமித்தும் வைக்கவில்லை. அந்த மடத்தனம் என்னுடையது.

அப்போதுதான் நூறு ரூபாய் கட்டினோம். கம்பெனி பதிவாளரிடம் தாக்கல் செய்த ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 399-ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனி ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டணம். தளத்தில் ஆவணச் சேவைகளுக்குள் View Public Documents என்று இருக்கும். பணம் கட்டிய பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் அது திறந்திருக்கும். அதனால் உட்கார்ந்து படிக்காதீர்கள், வேண்டியதை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகப் பாருங்கள். ஆவணங்கள் வகை வகையாகப் பிரித்திருக்கும். நமக்கு வேண்டியது இரண்டு: Change in Directors, Annual Returns and Balance Sheet eForms.

இறக்கியதை மொபைலில் திறந்தால் Please wait... என்று ஒரு பக்கம் மட்டும் வந்து நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கெடவில்லை. பழைய படிவங்கள் ஒரு தனி மாதிரி பி.டி.எஃப்., கம்ப்யூட்டரில் Adobe Acrobat Reader போட்டால்தான் திறக்கும். திறந்த பிறகும் ஓரத்தில் பேப்பர் கிளிப் படம் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். ராஜினாமா கடிதம், போர்டு தீர்மானம், புதியவரின் சம்மதக் கடிதம் எல்லாம் அதற்குள் இணைப்பாக உட்கார்ந்திருக்கும். படிவத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தால் பாதி விஷயம் உள்ளேயே தங்கிவிடும்.

டைரக்டர் ஒருவர் வந்தாலும் போனாலும் கம்பெனி 30 நாளுக்குள் DIR-12 படிவம் போட வேண்டும். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு தேதி. ஒன்று, படிவத்துக்குள் எழுதியிருக்கும் விலகிய தேதி. அது கம்பெனி சொல்கிற தேதி. இன்னொன்று, படிவம் தாக்கலான தேதி. ஆவணப் பட்டியலில் கோப்புப் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை யாரும் மாற்ற முடியாது. மச்சான் விஷயத்தில் உள்ளே எழுதியிருந்தது 30-06-2022. தாக்கலானது 19-12-2022. அதாவது செக் கொடுப்பதற்கு மூன்றரை மாதம் முன்பே விலகிவிட்டாராம்; அதைப் பதிவாளரிடம் சொல்ல நினைவு வந்தது நம்ம நோட்டீஸ் போன பிறகு. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் கட்டினால் படிவம் ஏறிவிடும், ஏன் தாமதம் என்று கணினி கேட்காது.

தாமதமாகப் போட்டதாலேயே ராஜினாமா பொய் என்று ஆகிவிடாது. சோம்பேறித்தனமாக ஆறு மாதம் கழித்துப் படிவம் போடும் நேர்மையான கம்பெனிகளும் உண்டு. வருஷா வருஷம் பார்க்கிறேன். 168-ஆம் பிரிவுப்படி ராஜினாமா நடைமுறைக்கு வருவது, கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலோ கடிதத்தில் குறித்த நாளிலோ, எது பிந்தியதோ அதில். படிவம் போட்ட நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலகியவர் தானே DIR-11 என்ற படிவம் போடவும் வழி உண்டு. அது அந்த மாதத்திலேயே போடப்பட்டிருந்தால் அவர் சொல்வதை நம்பலாம்.

ஆகவே கம்பெனி சொல்லும் தேதியை அதே கம்பெனி போட்ட வேறு காகிதங்களோடு உரசிப் பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் செய்தது வெறும் எண்ணிக்கை. ஒரு பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். இவர் ஜூன் 30-இல் போயிருந்தால், மனைவி சேர்ந்தது அதே படிவத்தின்படி 12-12-2022. நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் தம்பி ஒருவர் மட்டும்தான் டைரக்டர். போர்டு கூட்டத்துக்கே குறைந்தது இரண்டு பேர் வேண்டும் எனும்போது, அந்த ஐந்து மாதம் கணக்கை யார் ஒப்புக்கொண்டது?

அந்தக் கேள்வியோடு பேலன்ஸ் ஷீட்டைத் திறந்தோம். 2021-22 ஆண்டுக் கணக்கு, AOC-4 படிவத்தோடு 28-10-2022 அன்று தாக்கலாகியிருந்தது. இணைப்பில் ஸ்கேன் செய்த பேலன்ஸ் ஷீட். கடைசியில் ஆடிட்டர் முத்திரை, அதற்கு எதிரே இரண்டு கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர், டி.ஐ.என். ஒன்று தம்பியுடையது. மற்றது, ஜூனில் விலகிவிட்டதாகச் சொன்ன அண்ணனுடையது. கீழே 'மேனேஜிங் டைரக்டர்' என்றே டைப் அடித்திருந்தது. தேதி 05-09-2022. டி.ஐ.என்.னை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தோம், அதே ஆள்தான். வக்கீல் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் கேட்கவில்லை. சான்றிட்ட நகல் மட்டும் வாங்கச் சொன்னார்.

நீங்களும் இதே வரிசையில் பாருங்கள். செக் தேதிக்கு முன்னும் பின்னும் தாக்கலான இரண்டு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்து யார் என்று பாருங்கள். ஆண்டு அறிக்கையையும் இறக்குங்கள். சிறு கம்பெனி என்றால் MGT-7A, மற்றதுக்கு MGT-7. அந்த அறிக்கையில் மார்ச் 31 நிலவரப்படி டைரக்டர்கள் பட்டியல் இருக்கும். அதை ஒரு நிலைக்கல்லாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த DIR-12 ஒவ்வொன்றையும் தேதி வாரியாக ஏற்றினால், எந்த நாளைக் கேட்டாலும் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு எழுதினாலே போதும். 2014-க்கு முந்தைய கம்பெனி என்றால் அந்தக் காலத்து மாற்றங்கள் படிவம் 32 என்ற பெயரில் இருக்கும்.

மாஸ்டர் டேட்டாவில் இருக்கும் 'தொடங்கிய தேதி' விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒருவரைப் போர்டு முதலில் கூடுதல் டைரக்டராக எடுத்திருக்கும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் முழு டைரக்டராக்குவார்கள். பிறகு மேனேஜிங் டைரக்டராகவும் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் தேதி வேறு. திரையில் தெரிவது இப்போதைய பதவியின் தேதியாக இருக்கலாம். அதனால் அங்கே 2023 என்று இருப்பதை வைத்து 'செக் கொடுத்தபோது இவர் இல்லை' என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய முதல் DIR-12 வரைக்கும், அதுவும் இல்லையென்றால் கம்பெனி தொடங்கிய ஆவணங்கள் வரைக்கும் போய்ப் பாருங்கள்.

பெயர் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைரக்டர் என்ற ஒரே காரணத்துக்காகச் செக் வழக்கில் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, அந்த நேரத்தில் கம்பெனி நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தார் என்று புகாரில் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. மேனேஜிங் டைரக்டரும் செக்கில் கையெழுத்துப் போட்டவரும் மட்டும் அதில் தனி ரகம். அவர்களுடைய பதவியும் கையெழுத்துமே பேசும். கையெழுத்துப் போட்டவர் பதிவேட்டில் இல்லாத மேனேஜராக இருந்தாலும் அவரை விட்டுவிடக் கூடாது. 2012 தீர்ப்புப்படி கம்பெனியையே எதிரியாகச் சேர்க்காவிட்டால் டைரக்டர்கள் மேல் வழக்கு நிற்காது. எல்லாப் பெயரையும் அள்ளிப் போட்டால் பயப்படுவார்கள் என்று சிலர் வீட்டுப் பெண்கள் பெயரையெல்லாம் சேர்ப்பார்கள். மச்சான் வழக்கில் டிசம்பரில் வந்த மனைவியைச் சேர்க்கவில்லை. செக் தேதியில் அவர் டைரக்டரே இல்லை.

பதிவேட்டுக்கு எட்டாத இடமும் உண்டு. பணம் போட்டு நடத்துகிறவர் ஒருவர், பெயருக்கு டைரக்டராக டிரைவரும் மைத்துனரும் என்று சில கம்பெனிகள். அங்கே நூறு ரூபாய்க்கு உண்மை முதலாளி கிடைக்க மாட்டார். அதே மாதிரி, மூன்று நாலு வருஷமாக ஒன்றுமே தாக்கல் செய்யாத கம்பெனி என்றால் பட்டியலில் இருப்பது பழைய நிலவரம்தான். கடைசிப் பொதுக்கூட்டத் தேதியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அப்போது 94-ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கே எழுதி உறுப்பினர் பதிவேட்டையும் ஆண்டு அறிக்கை நகலையும் பார்க்கக் கேட்கலாம். வெளியாள் பார்க்கக் கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, நகல் பக்கத்துக்கு 10 ரூபாய். டைரக்டர்கள் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பங்குதாரர்களுக்கு மட்டும்தான். வில்லங்கக் கம்பெனிகள் சிரித்த முகத்தோடு இதைக் காட்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேட்டதற்கும் மறுத்ததற்கும் தபால் அத்தாட்சி இருந்தால் வக்கீலுக்கு உதவும்.

உங்கள் விஷயத்தில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. செக் திரும்பியதாக வங்கி தகவல் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அவர்கள் கைக்கு அது கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம். அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். நீங்கள் கடலூர்க் கிளையில் கணக்கு வைத்து அதில் செக் போட்டிருந்தால் வழக்கும் கடலூரிலேயே, புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். டைரக்டர்களின் வீட்டு முகவரியைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். கம்பெனிக்கும் ஒவ்வொரு டைரக்டருக்கும் தனித்தனியாக, பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப வக்கீலிடம் சொல்லுங்கள்.

மாஸ்டர் டேட்டாவை இன்றைக்கே திறந்து, தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். நோட்டீஸ் அனுப்பும் நாளில் ஒரு தடவை, புகார் போடும் வாரத்தில் ஒரு தடவை மறுபடி சேமியுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் யார் நழுவினார்கள் என்று தெரிந்துவிடும். சந்தேகமான DIR-12-க்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள், பக்கத்துக்கு 25 ரூபாய். விண்ணப்பித்த அன்றே அது கைக்கு வராது. மச்சான் புகார் தாக்கல் செய்த பிறகுதான் எங்களுக்கு வந்தது, வக்கீல் தனி மனு போட்டு அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மனு எண்ணாகி இரண்டாவது வாய்தாவில் அண்ணன் தரப்பு தவணை பேச வந்தது. நாலு தவணையில் பணம் வந்து சேர்ந்தது, வட்டியை மச்சான் விட்டுவிட்டார்.